மூன்றில் ஏழு எப்படி வந்தது?

நாலாம் வகுப்பு படிக்கும் பேத்தியின் கணக்குத் தாளை, கோவையிலிருந்து மகள் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். 2/3 + 1/4 என்ற கணக்கு. பட்டை வரைந்து விடை காண வேண்டும். பேத்தி எழுதிய விடை 3/7. அதன்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. "மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் அப்படியே கூட்டி வைத்திருக்கிறாள், தனக்குக் கணக்கே வராது என்று அழுகிறாள்" என்று மகள் எழுதியிருந்தாள்.

இரும்புலியூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேத்தி எண்களைக் கூட்டவில்லை, கட்டங்களை எண்ணியிருக்கிறாள் என்று புரிந்தது.

முதல் பட்டையில் மூன்று கட்டங்கள் வரைந்து இரண்டுக்கு வண்ணம் தீட்டியிருந்தாள். அடுத்ததில் நான்கு கட்டங்கள், ஒன்றுக்கு வண்ணம். எல்லாக் கட்டமும் ஒரே அகலம். ஒரு கட்டம் 2 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் முதல் பட்டை 6 செ.மீ., இரண்டாவது 8 செ.மீ. இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் மொத்தம் ஏழு கட்டம், அதில் வண்ணம் தீட்டியது மூன்று. ஆக, அவள் வரைந்த படத்துக்கு 3/7 சரியான விடைதான். படம்தான் வேறு கணக்குக்கு உரியது.

பின்னம் என்றால் 'எதில்' என்ற கேள்வி கூடவே வரும். சின்ன தோசையில் மூன்றில் இரண்டு பங்கையும் பெரிய தோசையில் கால் பங்கையும் சேர்த்து ஒரு பின்னமாகச் சொல்ல முடியாது. முழுசு இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பட்டைக் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்: இரண்டு பட்டைகளும் ஒரே நீளமா?

3/7 தவறு என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. 2/3 என்பது பாதியைவிட அதிகம். 3/7 பாதியைவிடக் குறைவு. ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு, முதலில் இருந்ததைவிடக் குறையுமா?

திருத்தும் விதம் இது. கட்டம் போட்ட நோட்டில் 12 கட்ட நீளத்துக்கு இரண்டு பட்டைகள், ஒன்றின்கீழ் ஒன்றாக வரையச் சொல்லுங்கள். ஏன் 12? அதைத்தான் மூன்றாகவும் பிரிக்கலாம், நான்காகவும் பிரிக்கலாம். அப்படிப்பட்ட எண்களில் மிகச் சிறியதும் அதுவே. மேல் பட்டையை மூன்றாகப் பிரித்தால் பங்குக்கு 4 கட்டம். இரண்டு பங்குக்கு 8. கீழ்ப் பட்டையை நான்காகப் பிரித்தால் பங்குக்கு 3 கட்டம்; ஒரு பங்கு 3. இப்போது எல்லாமே ஒரே அளவுக் கட்டம். 8-உம் 3-உம் 11. விடை 11/12. கழித்தலுக்கும் அதே படம் போதும்: மேலே 8, கீழே 3, மேலே கூடுதலாக இருப்பது 5. எனவே 2/3 - 1/4 = 5/12. வேற்றினப் பின்னங்களை ஓரினமாக்குவது என்று பாடத்தில் சொல்வது இதைத்தான்.

இன்னொரு இடத்திலும் பிள்ளைகள் வழுக்குவார்கள். 3/4 + 2/3 என்றால் 9-உம் 8-உம் சேர்ந்து 17 கட்டம். ஒரு பட்டையில் 12-தான் இருக்கும், மீதி 5 அடுத்த பட்டைக்குப் போகும். இரண்டு பட்டைகளையும் பார்த்துவிட்டு 17/24 என்று எழுதிவிடுவார்கள். இங்கேயும் முழுசுதான் மாறிப்போனது. முழுசு என்பது ஒரு பட்டை; ஆகவே விடை 17/12, அதாவது 1 5/12.

இத்தகைய தாளைக் கைபேசிப் படத்தில் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாய்வாக எடுத்த படத்தில் தள்ளியிருக்கும் முனை குறுகித் தெரியும். சமமான கட்டங்கள்கூடச் சமமில்லாததுபோல் இருக்கும். திரையில் நீளத்தை அளக்காமல், ஒவ்வொரு பட்டையிலும் நோட்டின் கட்டங்கள் எத்தனை என்று எண்ணுவதே நம்பகமானது.

பகுதிகள் பெரிதானால் பட்டை உதவாது. 5/7-உடன் 3/11-ஐக் கூட்ட 77 கட்டம் யார் வரைவது? அங்கே மீச்சிறு பொது மடங்குதான். ஆனால் அந்த மடங்கை ஏன் தேடுகிறோம் என்பதைப் பட்டை முன்பே காட்டியிருக்கும்.

நம் பழைய எண்சுவடியிலேயே இந்த வேலை ஒளிந்திருக்கிறது. மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. இரண்டையும் சேர்த்தது மாகாணி. ஒரு மாவில் நான்கு காணி. அதோடு ஒரு காணி சேர்ந்தால் ஐந்து காணி, அதாவது 5/80. சுருக்கினால் 1/16. மாகாணி என்றால் வீசம், பதினாறில் ஒரு பங்கு என்றுதான் எண்சுவடியும் சொல்கிறது. மாவைக் காணியாக மாற்றிய பிறகே கூட்ட முடிந்தது. மூன்றில் இரண்டைப் பன்னிரண்டில் எட்டாக மாற்றியதும் அதே வேலைதான்.