அத்தை முகத்துக்கு யார் கையெழுத்துப் போட்டது?

இலவசமாக முகத்தை மாற்றிக் கொடுக்கும் ஒரு கைப்பேசிச் செயலியின் விதிமுறைகளைச் சென்ற மாதம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். படிக்க வைத்தவர் புக்கிட் ரோத்தானில் இருக்கும் என் அத்தை.

முப்பது வருடம் தோட்டத்தில் வேலை செய்தவர் அவர். குடும்பப் புலனக் குழுவில் அவருடைய பேரன் ஒரு சிறு காணொளி போட்டிருந்தான். பழைய படம் ஒன்றின் பாட்டுக்கு ஆடும் நாயகியின் உடம்பில் அத்தையின் முகம். கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் என்று எல்லா ஊர்ச் சொந்தமும் சிரித்துத் தீர்த்தது. அத்தையும் சிரித்தார். இரண்டு நாள் கழித்து எனக்கு அழைத்தார்.

"ஏய்யா, நீதான் ரேடியோவுல பேசுறவன், படிச்சவன். என் மூஞ்சி இப்ப எங்க இருக்கு?"

நான் ஊடகத்துறை பட்டதாரி. நிலையத்தில் நேயர் குரலை ஒலிபரப்புவதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்பது எங்களுக்கு வழக்கம். ஆனால் முகத்தைப் பற்றி அத்தை கேட்டதற்கு எனக்கு உடனே பதில் தெரியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து படித்தேன்.

செயலியில் இரண்டு ஆவணங்கள் இருக்கும். ஒன்று தனியுரிமைக் கொள்கை. உங்கள் படம் எங்கே போகிறது, எத்தனை நாள் இருக்கும் என்பதை அது சொல்லும். மற்றொன்று பயன்பாட்டு விதிமுறைகள். அந்தப் படத்தை வைத்து நிறுவனம் என்னென்ன செய்யலாம் என்ற உரிமையை நீங்கள் அதில்தான் எழுதிக் கொடுக்கிறீர்கள். பலர் முதலாவதை மட்டும் மேலோட்டமாகப் பார்ப்பார்கள். ஆனால் வீட்டை விற்கிற பத்திரம் போன்றது இரண்டாவதுதான்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் சீனாவின் ஸாவ் செயலி. 2019 ஆகஸ்ட் 30-ஆம் தேதி வெளிவந்தது. ஒரே ஒரு படத்தைக் கொடுத்தால் போதும், சினிமாக் காட்சியில் நாயகனின் முகம் இருக்கும் இடத்தில் உங்கள் முகம் வந்துவிடும். இரண்டே நாளில் அந்நாட்டு ஐபோன் இலவசச் செயலிகளின் வரிசையில் முதலிடத்துக்குப் போனது. பிறகுதான் சிலர் விதிமுறையைப் படித்தார்கள். ஏற்றிய படத்தின் மீது உலகம் முழுவதற்கும், முற்றிலும் இலவசமாக, நிரந்தரமாக, திரும்பப் பெற முடியாதபடி, பிறருக்கு மாற்றிக் கொடுக்கக்கூடிய உரிமையை நிறுவனத்துக்குத் தருவதாக அதில் இருந்தது.

இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு. நிரந்தரம் என்றால் நீங்கள் செயலியை நீக்கிய பிறகும் உரிமை தொடரும். திரும்பப் பெற முடியாது என்றால் நாளைக்கு மனம் மாறினாலும் பயனில்லை. பிறருக்கு மாற்றலாம் என்றால் நீங்கள் பெயர்கூடக் கேள்விப்படாத இன்னொரு நிறுவனத்தின் கைக்கும் அது போகலாம்.

அதே வரியில் இன்னொன்றும் இருந்தது. படத்தில் இருப்பவர் நீங்கள் இல்லையென்றால், அந்த உரிமையைத் தர அவர் சம்மதித்துவிட்டார் என்று நீங்கள் உறுதி கூறவேண்டும். அத்தையின் கதை இங்கேதான் வருகிறது. அவருடைய பேரன் பயன்படுத்திய செயலி வேறு. ஆனால் அதன் விதிமுறையிலும் இதே பொருளில் ஒரு வரி இருந்தது. பையன் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானைத் தட்டியபோது தனக்காக மட்டும் தட்டவில்லை. பாட்டியிடம் கேட்டாகிவிட்டது என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறான். அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

ஸாவுக்கு எதிராகச் சீனாவில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே நிறுவனம் அந்த வரியை மாற்றியது. பயனர் அழித்தால் தங்கள் சர்வரிலிருந்தும் படம் நீக்கப்படும் என்று எழுதியது. ஜனங்கள் படித்ததால்தான் அது மாறியது.

சரி, அழித்துவிட்டால் எல்லாம் போய்விடுமா? இதற்கு அமெரிக்காவின் எவர் செயலியைப் பார்க்க வேண்டும். அது முகம் மாற்றும் செயலி அல்ல. மக்கள் தங்கள் படங்களைச் சேமித்து வைக்க உருவானது. கோடிக்கணக்கான படங்கள் அதில் சேர்ந்தன. அந்தப் படங்களிலிருந்து எடுத்த முகங்களை வைத்துத்தான், வேறு நிறுவனங்களுக்கு விற்கும் முக அடையாளத் தொழில்நுட்பத்துக்கு அதன் நிறுவனம் பயிற்சி கொடுத்தது. கணக்கை மூடினால் படங்கள் அழிக்கப்படும் என்று சொல்லியிருந்தும் அவற்றை வைத்துக்கொண்டே இருந்தது. 2021-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. படங்களை மட்டும் அழித்தால் போதாது, அவற்றைக் கொண்டு உருவாக்கிய மென்பொருள் மாதிரிகளையும் அழிக்கவேண்டும் என்றது.

ஆணையம் ஏன் அந்த அளவுக்குப் போனது? முகமாற்றுச் செயலி படத்தைப் பார்க்கும்போது கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி எவ்வளவு, மூக்கின் நுனி எங்கே, தாடையின் வளைவு எப்படி என்று புள்ளி புள்ளியாக அளக்கிறது. படம் வேறு, அந்த அளவு வேறு. அந்த அளவுகளைக் கொண்டு கற்றுக்கொண்ட மென்பொருள் மூன்றாவது. நீங்கள் படத்தை அழிக்கலாம். மற்ற இரண்டும் தானாக அழியாது. கடவுச்சொல் திருடு போனால் வேறு போட்டுக்கொள்ளலாம். முகத்தை அப்படி மாற்ற முடியாது.

நம் நாட்டுச் சட்டம் எவ்வளவு தூரம் காக்கிறது என்றும் பார்த்தேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. நிறுவனம் தன் அறிவிப்பை தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தரவேண்டும் என்கிறது அது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தோட்டத்துப் பாட்டிக்கு வீட்டில் யாராவதுதான் படித்துச் சொல்லவேண்டும். 2024 திருத்தத்தின்படி, முக அளவு போன்ற உயிரளவியல் தரவுகள் 2025 ஏப்ரல் முதல் உணர்வுபூர்வமான தரவுகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டன. வெளிப்படையான சம்மதம் பொதுவாகத் தேவை. நல்ல மாற்றம்தான். ஆனால் முழுக்க மலேசியாவுக்கு வெளியே கையாளப்படும் தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சர்வரும் நிறுவனமும் வெளிநாட்டில் என்றால் நம் கை எட்டாமல் போகலாம்.

அப்படியானால் தட்டுவதற்கு முன் பார்ப்பதுதான் வழி. முப்பது பக்கத்தையும் படிக்க வேண்டாம். ஆவணத்தை உலாவியில் திறந்து, பக்கத்துக்குள் தேடும் வசதியில் ஐந்து சொற்களைப் போடுங்கள். retain என்று தேடினால் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது தெரியும். 24 மணி நேரம், 30 நாள் என்று எண் இருந்தால் நல்லது. 'தேவைப்படும் காலம் வரை' என்று மட்டும் இருந்தால் அதற்கு முடிவே இல்லை. perpetual என்ற சொல் அகப்பட்டால் நிரந்தர உரிமை கேட்கிறார்கள். train அல்லது improve என்று வந்தால், உங்கள் முகத்தைக் கொண்டு மென்பொருளுக்குப் பாடம் நடக்கலாம். affiliates என்று இருந்தால் அதே குழுமத்தின் மற்ற நிறுவனங்களுக்கும் அது போகலாம். கடைசியில், நிறுவனம் விற்கப்பட்டால் தரவு புது முதலாளிக்குப் போகும் என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும்.

செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்குவது சர்வரில் இருப்பதை நீக்காது. கொள்கையின் அடியில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும். படத்தையும், முக அளவையும் அழிக்கக் கோரி அதற்கு எழுதவேண்டும். அத்தை சார்பில் அவருடைய பேரனே உட்கார்ந்து எழுதினான். பதினோரு நாளில் பதில் வந்தது: படம் அழிக்கப்பட்டதாம். முக அளவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மறுபடியும் எழுதியிருக்கிறான்.