புதன்கிழமை என்று ஒரு சொல்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போதெல்லாம் நமது பாடசாலையில் நடந்த ஒரு விடயம் ஞாபகத்துக்கு வரும். பல வருடமாக எழுதாமல் வைத்திருந்தோம். பிழை நம்முடையது என்பதால்தான்.

அந்த வருடம் கலண்டரில் ஹஜ்ஜுப் பெருநாள் புதன்கிழமை என்று சிவப்பில் அச்சாகியிருந்தது. பிறை தென்படவில்லை. மாதம் முப்பதாகப் பூர்த்தியானது, பெருநாள் வியாழனுக்குப் போனது. ஹஜ்ஜுக்கு இது பெரிய அவசரமில்லை. நோன்புப் பெருநாள் மாதிரி இரவோடிரவாக முடிவு வருவதில்லை. துல்ஹஜ் தலைப்பிறை தீர்மானமானதுமே பத்தாம் நாள் எது என்று ஊருக்கே தெரிந்துவிடும். நமக்கும் தெரிந்திருந்தது, பத்து நாளுக்கு மேல் கையில் இருந்தது.

ஆனால் பெருநாள் மாறுவது வேறு, விடுமுறை மாறுவது வேறு. பிறையைப் பெரிய பள்ளிவாசலும் உலமா சபையும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் தீர்மானிக்கும். விடுமுறை அரசாங்கத்துடையது. 1971ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டத்தின் கீழ் அது பிரசுரிக்கப்படுகிறது. பாடசாலைக்கான அறிவித்தல் கல்விப் பக்கத்தால் இறங்கி, வலயத்தைத் தொட்டு, அதிபரின் மேசைக்கு வரவேண்டும். அதுவரை அதிபருக்கு வாய் திறக்க முடியாது. ஜும்ஆ முடிந்து வாசலில் நான்கு வாப்பாமார் கேட்டபோதும் எங்கள் அதிபர் சேர் “எழுத்தில வரட்டும்” என்றுதான் சொன்னார். சிலருக்கு அது கோபம். அவர் சொன்னது சரிதான் என்று இன்றும் சொல்வோம்.

எழுத்தில் வந்தது திங்கட்கிழமை பிற்பகல் ஒன்று பத்துக்கு. வலயத்திலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு புகைப்படம். பாடசாலை விட இருபது நிமிடம். “டீச்சர், கெதியா ஒண்டு எழுதுங்க” என்றார் சேர். எழுதினோம். ஒரு ஏ4 தாளில் நான்கு தடவை வரும்படி போட்டோ கொப்பி எடுத்து, அடிமட்டம் வைத்துக் கிழித்து, மணி அடிக்க முன் வகுப்பு வகுப்பாகக் கொடுத்து முடித்தோம். அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

நாம் எழுதியது இதுதான்: “மேற்படி விடயம் தொடர்பாக, கிடைக்கப்பெற்ற அறிவித்தலின் பிரகாரம் ஹஜ்ஜுப் பெருநாளை முன்னிட்டு எதிர்வரும் வியாழக்கிழமை பாடசாலைக்கு விடுமுறை வழங்கப்பட்டுள்ளது என்பதைத் தங்களது மேலான கவனத்திற்குக் கொண்டு வருகின்றோம்.”

வாசித்தால் ஒரு பிழையும் தெரியாது. எழுத்துப் பிழை இல்லை, முத்திரை இருக்கிறது, அதிபரின் ஒப்பம் இருக்கிறது. ஆனால் ஒரு விடுமுறை மாறும்போது இரண்டு நாட்கள் மாறுகின்றன. வியாழன் பாடசாலை நாளாக இருந்து விடுமுறையாகிறது. புதன் விடுமுறையாக இருந்து பாடசாலை நாளாகிறது. நாம் ஒன்றைத்தான் சொன்னோம். கலண்டரில் புதன் சிவப்பு, கையில் உள்ள கடிதத்தில் வியாழன் லீவு. வீட்டில் இருப்பவர் இரண்டையும் கூட்டாமல் வேறென்ன செய்வார்? அதுவும் புதன் அரஃபா நாள். பல வீடுகளில் பெரியவர்கள் நோன்பு. பிள்ளையை அனுப்பத்தான் வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

அதோடு முடிந்திருந்தால் ஒரு நாள் வரவு குறைந்தது என்று விட்டிருக்கலாம். தவணைப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. வியாழனுக்கு இருந்த கணித வினாத்தாளை வலயம் புதனுக்கு மாற்றியிருந்தது. அது அறிவித்தலின் இரண்டாவது பந்தியில் இருந்தது. நாம் முதலாவது பந்தியைப் பார்த்து எழுதி முடித்திருந்தோம்.

புதன் காலை ஒன்பதாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேரில் பதினாறு பேர் இருந்தார்கள்.

வட்ஸ்அப் குழுவில் போட்டோம், தொலைபேசி எடுத்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் ஓடிவந்தார்கள், பாதி நேரம் போயிருந்தது. வராதவர்களில் ஒரு பிள்ளை மூத்தம்மாவோடு இருக்கிறாள். உம்மா கட்டாரில். கணிதத்தில் கெட்டிக்காரி. வெள்ளிக்கிழமை கொம்பாஸ் பெட்டியோடு வந்து, “டீச்சர், மெத்ஸ் பேப்பர் இண்டைக்கா?” என்று கேட்டாள். நம்மிடம் பதில் இல்லை.

அடுத்த வாரம் கணித ஆசிரியர் வேறொரு வினாத்தாள் தயாரித்து, வராத எல்லோருக்கும் வைத்தார். அவளுக்கு அறுபத்தொன்று. ஆனால் வலயத்துக்குப் போகும் புள்ளிப் பட்டியலில் அதைப் போட முடியாது, ஏனென்றால் வினாத்தாள் வேறு. அந்தக் கட்டத்தில் “சமுகமளிக்கவில்லை” என்றுதான் எழுதினோம்.

மூத்தம்மா வந்தார். சண்டைக்கு வரவில்லை. அந்தக் கால்தாளைப் பத்திரமாக மடித்துக் கொண்டு வந்திருந்தார். “பக்கத்து வீட்டுப் புள்ளைட்ட ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டன் மகள். இதுல புதன் எண்டு ஒரு சொல்லும் இல்லியே” என்றார்.

இல்லைதான்.

பிறகு விசாரித்துப் பார்த்ததில் இன்னும் சிலது தெரிய வந்தது. ஒரு வீட்டில் வாப்பா வந்து “வியாழன் ராவு பெருநாள் ராவு” என்று சொல்லியிருக்கிறார். நமது பேச்சில் வியாழன் ராவு என்றால் புதன் பின்னேரம் மஃரிபோடு தொடங்குவது. பிள்ளை அதை வியாழன் முடிந்து வரும் இரவு என்று விளங்கி, பெருநாளே வெள்ளி என்று நண்பர்களுக்குச் சொல்லியிருக்கிறான். கிழமையை மட்டும் எழுதினால் இப்படித்தான், திகதியும் வேண்டும். இன்னொரு வாப்பா கொழும்பில் கடையில் வேலை. ஹஜ்ஜுப் பெருநாள் அரச, வங்கி விடுமுறை. வர்த்தக விடுமுறை அல்ல. கடை, ஆடைத் தொழிற்சாலைக்காரர்கள் கேட்டுத்தான் லீவு எடுக்க வேண்டும். அவர் புதனுக்கு எடுத்திருந்தார்.

அடுத்த முறை விடுமுறை மாறியபோது சேர் மறுபடியும் நம்மிடமே தாளைத் தந்தார். இம்முறை இப்படி எழுதினோம்:

“பெற்றோருக்கு,
ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை மாறியுள்ளது.
12ஆம் திகதி புதன்: பாடசாலை உண்டு. கலண்டரில் விடுமுறை என்று இருந்தாலும் பிள்ளையை அனுப்பவும். கணிதப் பரீட்சை காலை 7.45க்கு.
13ஆம் திகதி வியாழன்: விடுமுறை.
14ஆம் திகதி வெள்ளி: பாடசாலை உண்டு.
வலயத்தின் அறிவித்தல் இன்று கிடைத்தது. அதன் பிரதி அலுவலக வாசலில் ஒட்டப்பட்டுள்ளது.”

கீழே ஒரு துண்டு: பிள்ளையின் பெயர், வாசித்தவரின் ஒப்பம். மறுநாள் அந்தத் துண்டு வகுப்பாசிரியரிடம் வரவேண்டும்.

அதற்கு முன்னரே, தலைப்பிறை முடிவான கிழமையில், சேர் இன்னொரு சிறு கடிதமும் அனுப்பியிருந்தார். “விடுமுறை புதனா வியாழனா என்ற அறிவித்தல் இன்னும் வரவில்லை. வந்தவுடன் எழுத்தில் தருவோம். அதுவரை இரண்டு நாளும் பாடசாலை உண்டு என்றே வைத்துக்கொள்ளவும்.” விடுமுறையை அறிவிக்கத்தான் அதிபருக்கு அதிகாரமில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல யாருடைய கடிதமும் தேவையில்லை. இது சேரின் யோசனை, நம்முடையதல்ல.

“மேலான கவனத்திற்கு” இல்லாமல் கடிதம் மரியாதைக் குறைவாக இருக்கிறதே என்று பதவிநிலையில் உள்ள ஒருவர் குறைப்பட்டார். இருக்கலாம்.

நமது வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள். செவ்வாய்க்கிழமை முப்பத்து மூன்று துண்டு வந்தது. இரண்டு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தோம். மூன்றாவது வீட்டில் யாரும் எடுக்கவில்லை. பாடசாலை விட்டு, குடையும் எடுத்துக்கொண்டு, கடற்கரை வீதியால் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தோம்.