இரைச்சல் உண்டு, ஓட்டம் இல்லை

ஆட்டோ கார் வைத்திருப்பவர்களைக் கலங்கடிக்கும் கோளாறு ஒன்று உண்டு. எண்ணெயை மிதித்தால் இன்ஜின் உறுமும். கார் மட்டும் ஆமைபோல் நகரும், அல்லது நின்ற இடத்திலேயே நிற்கும். பட்டறையில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “கியர்பாக்ஸ் போயிடுச்சு.”

என் தங்கைக்கும் இதே பதில்தான் கிடைத்தது. சிரம்பானிலிருந்து நீலாய்க்குத் தினமும் வேலைக்குப் போகிறவள். கார் பழையது, நான்கு கியர் ஆட்டோ. கியர்பாக்ஸைப் பிரித்து வேலை செய்ய 3,800 ரிங்கிட் என்றார்கள். அவளுடைய ஒரு மாதச் சம்பளமே அவ்வளவு வராது. காரை இழுத்து வந்து வீட்டு முன் நிறுத்திவிட்டு, லோரி பட்டறையில் பல காலம் வேலை பார்த்த சித்தப்பாவைக் கூப்பிட்டோம்.

அவர் முதலில் கேட்டது, “கியர் எண்ணெயை யாராவது பார்த்தாங்களாம்மா?” யாரும் பார்க்கவில்லை.

ஆட்டோ கியர்பாக்ஸில் இன்ஜினின் சக்தி எண்ணெய் வழியாகத்தான் போகிறது. டார்க் கன்வெர்ட்டர் என்பது எண்ணெய்க்குள் எதிரெதிரே நிற்கும் இரண்டு விசிறிகள் மாதிரி. ஒன்று சுழன்று தள்ளும் எண்ணெய் மற்றொன்றைச் சுழற்றுகிறது. உள்ளே இருக்கும் கிளட்ச்சுகளையும், உருளையைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பேண்ட் என்ற பட்டையையும் அழுத்துவது அதே எண்ணெய்தான். எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், பிடி வழுக்கும்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் சூடான பின் அதை ஓடவிட்டபடியே அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்தார். கியர் P-யில் இருக்க வேண்டுமா N-இல் இருக்க வேண்டுமா என்பது காருக்குக் கார் மாறும், கையேட்டில் இருக்கும். எண்ணெய் சிவப்பாக, தெளிவாக இருந்தது, அளவும் சரி. கறுத்து, தீய்ந்த வாடை அடித்திருந்தால் கிளட்ச்சோ பேண்டோ எரிந்திருக்கிறது என்று பொருள். பால் கலந்த மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. இன்ஜின் எண்ணெய்போல் இது எரிந்து குறைவதில்லை.

அடுத்து, பிரேக்கை மிதித்தபடி R, D இரண்டையும் போட்டுப் பார்த்தார். இரண்டிலும் கியர் விழும் சின்னக் குலுக்கல் தெரிந்தது. ஆனால் பிரேக்கை விட்டால் இரண்டிலும் கார் போகவில்லை. R நன்றாக இழுத்து D மட்டும் வழுக்கினால், முன்னோக்கிப் போகும் கிளட்ச்சைச் சந்தேகிக்கலாம். முதல் கியரில் சரியாகப் போய், இரண்டாவதுக்கு மாறும்போது மட்டும் இன்ஜின் கத்தினால், பழைய கியர்பாக்ஸ்களில் பேண்ட் தேய்ந்திருக்கலாம். இரண்டிலுமே இழுக்கவில்லையென்றால், எண்ணெய், பம்ப், கன்வெர்ட்டர் என்று பொதுவான இடத்தில் தேட வேண்டும். இல்லாவிட்டால் கியர்பாக்ஸைத் தாண்டி வெளியே.

“வேக முள்ளு என்ன காட்டுது, பாரு” என்றார் சித்தப்பா. D-யில் மெதுவாக எண்ணெய் கொடுத்தார். கார் அசையவில்லை; முள் மட்டும் முப்பதைத் தொட்டது!

இந்தக் காரில் வேகமானி, கியர்பாக்ஸ் கடைசியாகச் சுழற்றும் பகுதியிலிருந்து வேகத்தை அறிகிறது. முள் ஏறினால், கியர்பாக்ஸ் தன் வேலையைச் செய்கிறது. சக்கரத்துக்குப் போகும் வழியில்தான் ஏதோ அறுந்திருக்கிறது. உள்ளே வழுக்கியிருந்தால் முள் பூஜ்யத்திலேயே நின்றிருக்கும். சக்கரத்திலிருந்தே வேகத்தை அளக்கும் புதிய கார்களில் இந்தச் சோதனை பயன்படாது.

உறுதி செய்ய இன்னொன்றும் செய்தார். சமதளத்தில், P-யில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டுத் தள்ளச் சொன்னார். அசையக்கூடாத கார் உருண்டது. முன்சக்கர இழுவைக் காரில் ஒரு பக்க டிரைவ்‌ஷாஃப்ட் உடைந்தாலே போதும். சக்தி முழுவதும் உடைந்த பக்கம் ஓடி வீணாகும். நல்ல பக்கச் சக்கரமும் இழுக்காது, P-யும் பிடிக்காது.

குனிந்து பார்த்தால் இடது சக்கரத்தருகே ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வழிந்து, மூட்டு உடைந்திருந்தது. வளைவுகளில் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டதாகத் தங்கை அப்போதுதான் சொன்னாள். ரீகண்டிஷன் டிரைவ்‌ஷாஃப்ட், கூலி எல்லாம் சேர்த்து 280 ரிங்கிட்.

எல்லாருக்கும் இப்படியே முடியாது. எண்ணெய் கறுத்து, முள்ளும் அசையாமல் இருந்தால் கியர்பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும். அந்த நிலையில் எப்படியாவது வீடு சேரலாம் என்று மிதித்துக்கொண்டே போகாதீர்கள். வழுக்கும் ஒவ்வொரு நிமிடமும் கிளட்ச்சுகள் இன்னும் எரியும். இழுவை லோரியைக் கூப்பிடுங்கள். பட்டறையில் விலை சொல்வதற்கு முன், எண்ணெய் என்ன நிறம், முள் ஏறியதா, P பிடிக்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள்.