குன்னூர் அத்தையின் 94

குன்னூர் அத்தை வீட்டுச் சமையல் தெர்மாமீட்டர், கொதிக்கிற தண்ணீரில் 94 காட்டியது. ஓட்டை மீட்டர், தூக்கிப் போடு என்றார்கள் வீட்டில். அத்தை அசையவில்லை. "மீட்டர் சரிதான்டா, இங்க தண்ணிதான் அப்படி" என்றார். ஒவ்வொரு விடுமுறையிலும் அதே பதில்.

யார் சொல்வது சரி என்று பார்க்க ஐஸில் தொடங்கினேன். கிண்ணத்தில் ஐஸ் கட்டிகளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, கம்பியை அடிவரை இறக்கியதும் 3 காட்டியது. அப்போது அத்தை சொன்னது பொய்யா? இல்லை, கிண்ணம்தான் சரியில்லை. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். ஐஸ் மிதக்க, அந்தக் கனத்த தண்ணீர் அடியில் தங்கிவிடுகிறது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு, ஈரமே இல்லாத ஐஸில் செருகினாலோ பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும். கட்டி இன்னும் உருகத் தொடங்கவில்லை.

ஐஸைத் துணியில் சுற்றித் தட்டி நொறுக்கி, டம்ளர் நிறைய அடைத்து, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் விட வேண்டும். ஐஸ் மிதந்து எழும்பினால் தண்ணீர் அதிகம். நன்றாகக் கலக்கி, கம்பியின் நுனி அடியையும் பக்கத்தையும் தொடாமல் நடுவில் பிடித்து, எண் அசையாமல் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். அப்படிச் செய்ததும் அத்தையின் மீட்டர் பூஜ்யத்தில் நின்றது.

அப்படியானால் 94?

விடை ஸ்வீடனில் கிடைத்தது. உப்சாலாவின் வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் வெளியிட்ட கட்டுரை, உருகும் பனியின் நிலை காற்றழுத்தத்தால் மாறுவதில்லை, கொதிநிலை மாறும் என்று காட்டியது. அதனால் தன் அளவுகோலின் கொதிநிலைப் புள்ளியைக் குறிப்பிட்ட காற்றழுத்தத்தோடு கட்டிப் போட்டார். (அவர் கொதிநிலைக்கு 0, பனிக்கு 100 என்று வைத்திருந்தார், தலைகீழாகத் திருப்பியது பின்னால் வந்தவர்கள்.) மலை ஏற ஏற காற்றழுத்தம் குறையும், ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி கொதிநிலையும் இறங்கும். குன்னூரின் உயரம் சுமார் 1,850 மீட்டர். கணக்குப் போட்டால் 94-ஐ ஒட்டித்தான் வருகிறது. அத்தை சொன்னதே சரி.

இந்தச் சோதனையை உடல் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் ஒருபோதும் செய்யக் கூடாது. அதன் அளவு 42 டிகிரியோடு முடிகிறது. கொதிநீரில் கண்ணாடி வெடித்துவிடும்.

சென்னை திரும்பியதும் என் மீட்டரையும் சோதித்தேன். ஐஸில் 1, கொதிநீரில் 97. கடல் மட்டத்தில் அது 100 காட்ட வேண்டும். இரண்டு முனையிலும் பிழை வேறு வேறாக இருப்பதால், எல்லா எண்ணிலும் ஒன்றைக் கழித்தால் போதாது. 1-க்கும் 97-க்கும் இடையே உள்ள 96 பிரிவுகளில் உண்மையான 100 டிகிரி அடங்கியிருக்கிறது. மீட்டர் 65 காட்டினால், ஒன்றைக் கழித்து வரும் 64-ஐ 100-ஆல் பெருக்கி 96-ஆல் வகுக்க வேண்டும். உண்மையான சூடு 66.7.