அமிர்தி வீட்டு மோடத்தில் மூட வேண்டிய இரண்டு வழிகள்

2017 ஜூலை இறுதியில் நாட்டின் பல பகுதிகளில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடங்கள் திடீரென்று செயலிழந்தன. பிரிக்கர்பாட் என்ற தீநிரல் அவற்றுக்குள் நுழைந்து அமைப்புகளைக் கெடுத்திருந்தது. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாத மோடங்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டன. பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள் என்று நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. வேலூர் வட்டாரத்தில் இணைய இணைப்பும் கேமராவும் பொருத்தித் தரும் எனக்கு அந்தச் செய்தியில் இன்னொன்றுதான் முக்கியமாகப் பட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவனிடம் நம் மோடம் பாஸ்வேர்டைக் கேட்பதே தவறு. அவனுக்கு அது பதிலே சொல்லக் கூடாது. பாஸ்வேர்டு அதற்கு அடுத்த காவல்தான்.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் அமிர்தியில் ஒரு வீட்டு இணைப்பைப் பார்க்கப் போனேன். வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஷூ அப்பர் தைக்கிறார்கள். ஆம்பூர் கம்பெனியிலிருந்து வெட்டிய தோல் வரும், தைத்துத் திருப்பி அனுப்புவார்கள். சரக்கு அடுத்தவருடையது என்பதால் ஷெட்டில் நான்கு கேமராவும் ஒரு டி.வி.ஆரும் வைத்திருந்தார்கள். "அண்ணே, ஆம்பூர் போயிட்டு ராத்திரி போன்ல பார்த்தா அக்கவுண்ட் லாக்குன்னு வருது. காலையில தானா சரியாயிடுது. நாங்க பாஸ்வேர்டு தப்பா போடவே இல்ல" என்றார் வீட்டுக்காரர்.

அந்த ஒரு வார்த்தை போதுமான துப்பு. தவறான பாஸ்வேர்டு சில முறை தொடர்ந்து வந்தால் டி.வி.ஆர். கணக்கைக் கொஞ்ச நேரம் பூட்டிவிடும். வீட்டில் யாரும் தவறாகப் போடவில்லை என்றால் வேறு யாரோ போடுகிறார்கள். மோடத்தின் 192.168.1.1 பக்கத்தில் பதிவேட்டைத் திறந்தேன். admin, root, support என்று பெயர் மாற்றி மாற்றி உள்ளே நுழைய முயன்ற வரிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் வெவ்வேறு வெளிநாட்டு முகவரிகள். இதற்கு அந்த வீட்டின் மேல் யாருக்கும் பகை வேண்டியதில்லை. ஒரே ஒரு கணினியை வைத்து இணையத்தின் பழைய வகை முகவரிகள் அனைத்தையும் ஒரு மணி நேரத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று 2013-லேயே செய்து காட்டிவிட்டார்கள். பதில் சொல்லும் பெட்டி எதுவோ அதை நிரல் குறித்துக்கொள்ளும்.

முதல் வேலை, மோடத்தின் நிர்வாகப் பக்கத்தை வெளிப்பக்கம் மூடுவது. இது கம்பெனிக்குக் கம்பெனி வேறு பெயரில் இருக்கும். Remote Management என்றோ, Remote Access என்றோ, ACL என்ற தலைப்பின் கீழோ தேடவேண்டும். அந்த வீட்டு ஃபைபர் மோடத்தில் ஓர் அட்டவணை. LAN ஒரு பத்தி, WAN ஒரு பத்தி. WAN பத்தியில் HTTP, TELNET இரண்டிலும் டிக் இருந்தது. இரண்டையும் எடுத்தேன். LAN பத்தியில் HTTP-யைத் தொடவில்லை; அதை எடுத்தால் வீட்டுக்குள்ளிருந்தே மோடத்தைத் திறக்க முடியாமல் போகும். TR-069 என்று இருப்பதையும் விட்டுவிட்டேன். அது இணைப்பு கொடுத்தவர்கள் தங்கள் இடத்திலிருந்து மோடத்தைக் கவனிக்கும் வழி. அவர்களைக் கேட்காமல் அணைத்தால் பிறகு பழுது பார்க்க அவர்களுக்கே வழி இருக்காது. நிர்வாகப் பாஸ்வேர்டையும் அப்போதே மாற்றினேன்.

மோடத்தின் பதிவேடு அதோடு அடங்கியது. ஆனால் அன்று இரவும் டி.வி.ஆர். பூட்டிக்கொண்டது. பலர் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவது இந்த இடத்தில்தான். ரிமோட் நிர்வாகத்தை அணைப்பது மோடத்தை மட்டும் காக்கும். மோடத்துக்குப் பின்னால் இருக்கும் கருவிகளுக்கு வழி விடுவது யூ.பி.என்.பி. என்ற வேறொரு வசதி. வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் எனக்கு இந்தப் போர்ட்டைத் திறந்து விடு என்று கேட்டால் மோடம் திறந்துவிடும். பாஸ்வேர்டு கேட்காது, வீட்டுக்காரருக்குச் சொல்லவும் சொல்லாது. விளையாட்டுப் பெட்டியும் கேமராவும் சிரமமில்லாமல் ஓட வேண்டும் என்றுதான் இதைச் செய்தார்கள். கேட்பது யார் என்று சோதிக்க ஏற்பாடே வைக்காதது பெரிய குறை என்பது என் தீர்மானமான கருத்து. UPnP பக்கத்தின் அடியில் நடப்புப் பட்டியல் இப்படி இருந்தது:

```
TCP  8080   192.168.1.20:80
TCP  37777  192.168.1.20:37777
```

192.168.1.20 என்பது டி.வி.ஆர். வீட்டில் யாரும் கேட்காமலே அது தன் லாகின் பக்கத்தை உலகத்துக்கு முன் வைத்திருந்தது.

மூடுவதில் வரிசை உண்டு. முதலில் டி.வி.ஆரின் நெட்வொர்க் மெனுவில் இருக்கும் UPnP-யை அணைத்தேன். பிறகு மோடத்தில் அணைத்தேன். அதற்குப் பின் Port Forwarding, DMZ இரண்டு பக்கங்களையும் பார்த்தேன், ஏனென்றால் கையால் எழுதிவைத்த வழிகள் யூ.பி.என்.பி. பட்டியலில் தெரியாது. கடைசியாக மோடத்தை அணைத்துப் போட்டேன். சில மாடல்களில் வசதியை நிறுத்தினாலும் ஏற்கெனவே திறந்த போர்ட் ரீஸ்டார்ட் ஆகும் வரை திறந்தே இருக்கும்.

மூடியதைச் சோதிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு வெளி முகவரியைத் தட்டினால் மோடத்தின் லாகின் பக்கம் வரக்கூடும். வெளியே திறந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. கேட்பவர் உள்ளே இருப்பவர் என்று மோடம் கண்டுகொள்கிறது, அவ்வளவுதான். அதனால் போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், மோடத்தின் நிலைப் பக்கத்தில் காட்டும் WAN முகவரியைப் போர்ட் எண்ணோடு தட்ட வேண்டும். மூடுவதற்கு முன்பும் இதைச் செய்து பாருங்கள். முன்பு வந்த பக்கம் இப்போது வராமல் சுற்றிக்கொண்டே நின்றால்தான் வேலை முடிந்தது. அமிர்தி வீட்டில் இரண்டு போர்ட்டும் அப்படியே நின்றன.

WAN முகவரி 100.64-இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால், உங்கள் இணைப்பு பலரோடு ஒரே வெளி முகவரியைப் பகிர்கிறது. அந்த வழியாக வெளியார் நேரே தட்ட முடியாது. ஆனாலும் அமைப்பை மூடிவிடுவதே சரி. அதே இணைப்பில் ஐ.பி.வி.6 முகவரியும் இருக்கலாம், அதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, மோடத்தின் ஐ.பி.வி.6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.

"அப்ப நான் ஆம்பூர்ல இருந்து எப்படிப் பார்க்கறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. டி.வி.ஆர். தானாகவே தன் கம்பெனி சர்வரை நோக்கி வெளியே போய், போனோடு சேர்ந்துகொள்ளும் பி2பி வழி அதில் இருந்தது. பெட்டியின் அடியில் உள்ள க்யூ.ஆர். குறியீட்டை ஆப்பில் காட்டி அதை இயக்கினேன். இதற்கு வீட்டில் எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டாம். அந்தக் கம்பெனியை நம்புகிறோம் என்பது இதிலுள்ள விலை. அதனால் டி.வி.ஆரின் பாஸ்வேர்டையும் நீளமாக மாற்றிக் கொடுத்தேன். யூ.பி.என்.பி. இல்லாமல் விளையாட்டுப் பெட்டி தகராறு செய்தால், அதற்கு வேண்டிய ஒரே போர்ட்டை மட்டும் கையால் திறந்து தரலாம்.

அக்கவுண்ட் பூட்டிக்கொள்வது அதன் பின் நின்றது. ஆனால் இந்த அமைப்புகள் நிலையானவை அல்ல. மோடத்தை ரீசெட் செய்தாலோ, பழுதென்று வேறு மோடம் மாற்றிக் கொடுத்தாலோ, எல்லாம் கம்பெனி வைத்த நிலைக்கே திரும்பிவிடும். பல மோடங்களில் அந்த நிலையில் யூ.பி.என்.பி. திறந்தே இருக்கும். மோடம் மாறிய அன்றே ரிமோட் நிர்வாகம், யூ.பி.என்.பி. ஆகிய இரண்டு பக்கங்களையும் திறந்து பாருங்கள். பிறகு மொபைல் டேட்டாவில் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.