மாமா எடுத்த எம்.சி.

கடந்த ஆண்டு தீபாவளி திங்கட்கிழமை, அக்டோபர் 20ஆம் தேதி வந்தது. அதற்கு முந்தைய வாரம் நாடெங்கும் சளிக்காய்ச்சல். பள்ளிகளில் சுமார் 6,000 மாணவர்களுக்குத் தொற்று என்று கல்வி அமைச்சு அறிவித்த செய்தியை வானொலியில் நானே படித்தேன். படித்துவிட்டு, "கூட்டமான இடத்தில் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்" என்று நேயர்களுக்கு அறிவுரையும் சொன்னேன். அந்த நேரத்தில் என் மாமா இருமிக்கொண்டே பெட்டாலிங் ஜெயாவில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாது.

மாமாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பஸ் ஓட்ட ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல். இப்போதைய கம்பெனியில் பன்னிரண்டு வருடம். இனிப்பு நீரும் உண்டு. செவ்வாய்க்கிழமை காலையில் தொண்டை கரகரப்பு, மத்தியானத்துக்குள் உடம்பெல்லாம் வலி, ராத்திரி காய்ச்சல். சாதாரண சளி இரண்டு மூன்று நாளாக மெல்ல வரும். இப்படி ஒரே நாளில் ஆளைச் சாய்ப்பது இன்ஃபுளுவென்சாவின் வழக்கம். அத்தை சொல்லிப் பார்த்தார். மாமா இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு புதன்கிழமை அதிகாலை டிப்போவுக்குப் போய்விட்டார்.

ஏன் போனார் என்பதற்கு அவரிடம் தெளிவான கணக்கு இருந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும் டிரைவர்களின் ஷிப்டையும் இவர்தான் எடுத்திருந்தார், ஓவர்டைம். தீபாவளி அன்றும் பெயர் கொடுத்திருந்தார். பொது விடுமுறையில் வேலை செய்தால் விடுமுறைச் சம்பளம் போக இன்னும் இரண்டு நாள் சம்பளம் உண்டு. அதோடு ஒரு நாள் எம்.சி. போட்டாலும் அந்த மாதத்து வருகை அலவன்ஸ் போய்விடும். மகள் கல்லூரியில் படிக்கிறாள். சோம்பல் இல்லாத மனிதர் என்பதைவிட, கணக்குப் போடத் தெரிந்த மனிதர் என்றுதான் சொல்வேன். கணக்கில் ஒரு வரி மட்டும் விட்டுப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஏசியா ஜெயா பக்கம். பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். முன்னால் போன கார் சிக்னலுக்கு நின்றது. மாமா பார்த்தார், கால் பிரேக்குக்குப் போகக் கொஞ்சம் தாமதமானது. அழுத்தி மிதித்ததில் பஸ் காருக்கு ஓரடி தள்ளி நின்றது. நின்றுகொண்டிருந்த ஒரு சீன அம்மா கம்பியில் முழங்கை இடித்துக்கொண்டார். பெரிய காயம் இல்லை. மாமா இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாஸ், நீ முதல்ல வீட்டுக்குப் போ" என்று மலாயில் சொன்னாராம்.

அன்றிரவு எனக்குப் போன் செய்தார். "தூக்கமே வரலை. கண்ணு நல்லா முழிச்சிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இருபது வருஷத்துல இப்படி ஆனதில்லை" என்றார். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேட்டேன். கடையில் வாங்கிய சளி மாத்திரை, மூன்று வேளை. அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். குளோர்பெனிரமின் இருந்தது. மூக்கு ஒழுகுவதை நிறுத்தும் பழைய ரக மருந்து அது. மூளைக்குள்ளும் போய் வேகத்தைக் குறைக்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில் எச்சரிக்கை: மயக்கம் வரலாம், அப்படிப் பாதிக்கப்பட்டால் வாகனம் ஓட்டாதீர்கள்.

அந்த "பாதிக்கப்பட்டால்" என்ற சொல்லில்தான் சிக்கல். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை வெளிவந்தது. ஒவ்வாமையால் மூக்கு ஒழுகும் 40 பேரை, நிஜ சாலை போலவே காட்டும் ஓட்டுநர் இயந்திரத்தில் உட்கார வைத்தார்கள். ஒரு முறை மது கொடுத்து, ஒரு முறை டைபென்ஹைட்ரமின் என்ற, குளோர்பெனிரமினுக்குப் பங்காளியான மருந்தைக் கொடுத்து ஓட்டச் சொன்னார்கள். மதுவின் அளவு இப்போது நம் நாட்டில் சட்டம் அனுமதிப்பதைப்போல் இரண்டு மடங்கு. முன்னால் போகும் வண்டியின் வேகத்துக்கு ஈடு கொடுப்பதில், மது குடித்தபோது இருந்ததைவிட மருந்து சாப்பிட்டபோது மோசமாக ஓட்டினார்கள். இதைவிட முக்கியமான விஷயம், எவ்வளவு தூக்கமாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னதை வைத்து, யார் மோசமாக ஓட்டுவார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மாமா பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

மருந்து இல்லாமலே காய்ச்சலும் இதைச் செய்யும். சளிக்காய்ச்சல் கண்டவர்கள் எதிர்பாராத ஒன்றுக்கு மெதுவாகத்தான் அசைகிறார்கள் என்று பிரிட்டனில் 1980களிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் பஸ் ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் கடக்கும். கால் பிரேக்குக்கு அரை வினாடி தாமதமாகப் போனால் ஏழு மீட்டர். இரண்டு மைவி கார்களின் நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. இதை மாமாவிடம் சொன்னபோது போனில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. பிறகு, "நாளைக்கு கிளினிக் போறேன்" என்றார்.

சனிக்கிழமை பேனல் கிளினிக்கில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். இன்ஃபுளுவென்சா ஏ. கிருமியை அடக்கும் மாத்திரையை முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்திருந்தால்தான் முழுப் பலன். அது வியாழனோடு போய்விட்டது. ஆனாலும் இனிப்பு நீர் இருப்பதால் டாக்டர் கொடுத்தார். தீபாவளியோடு சேர்த்து மூன்று நாள் எம்.சி.

மேற்பார்வையாளருக்குச் செய்தி அனுப்ப மாமாவின் விரல் தயங்கியது. நான் பக்கத்தில் இருந்தேன். வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். எம்.சி. நாளில் பொது விடுமுறை விழுந்தால், அதற்குப் பதிலாக வேறொரு நாள் விடுமுறை தர வேண்டும். பன்னிரண்டு வருடமாக அந்தக் கம்பெனியில் இருப்பவருக்கு இந்தக் கடைசி விஷயம் தெரியாது. அலுவலகத்தில் இருந்தவருக்கும் தெரியவில்லை. சட்டப் பிரிவை எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். வருகை அலவன்ஸ் மட்டும் போனது போனதுதான். ஓவர்டைமும் போச்சு. மாமா அந்தத் தொகையை என்னிடம் காசு வரைக்கும் சொன்னார்.

தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பேன் என்று அடம். அத்தை எண்ணெய்க் கிண்ணத்தை ஒளித்து வைத்துவிட்டார். மாமா தனி அறையில். காய்ச்சல் கண்ட ஐந்தாறு நாள் வரை தொற்றும் என்பதால் பேரப்பிள்ளைகள் வாசலில் நின்றே தாத்தாவுக்குக் கையாட்டினார்கள். எனக்கு உறுத்தியது வேறு. செவ்வாய் முதல் வெள்ளி வரை, கதவடைத்த குளிர்சாதன பஸ்ஸில், எத்தனை பள்ளிப் பிள்ளைகள் ஏறி இறங்கினார்கள்? அதை நான் அவரிடம் கேட்கவில்லை. அவரே, மூன்றாம் நாள், கஞ்சி குடிக்கும்போது கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை காய்ச்சல் இல்லை, வேலைக்குக் கிளம்பினார். "கடைசியா பனடோல் எப்போ போட்டீங்க?" என்று அத்தை கேட்டார். விடியற்காலை ஐந்து மணிக்கு. மாத்திரை இறக்கிய காய்ச்சல் கணக்கில் சேராது, மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அத்தை மறக்கவில்லை. பதினொரு மணிக்கு உடம்பு மறுபடி சுட்டது. திரும்பவும் கிளினிக், இன்னும் இரண்டு நாள். இந்த முறை மேற்பார்வையாளருக்கு அவரே உடனே செய்தி அனுப்பினார்.

தீபாவளிக்குப் பதிலான விடுமுறையை நவம்பரில் ஒரு புதன்கிழமை எடுத்தார். அன்று காலை அத்தை எண்ணெய்க் கிண்ணத்தை வெளியே எடுத்தார். நான் நிகழ்ச்சி முடித்துப் பத்தரை மணிக்கு அங்கே போனபோது, மாமா குளித்துவிட்டு, புதுச் சட்டையோடு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். டின்னில் இருந்த கடைசி முறுக்கை நான்தான் சாப்பிட்டேன்.