கடிதத்தில் கேட்கப்பட்ட மூன்று எண்கள்

விளம்பரத்தின் கடைசி வரிதான் சிக்கல். பெங்களூரில் உள்ள ஒரு தனியார் மருந்து நிறுவனம், புரத வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர்களிடமிருந்து விண்ணப்பங்களைக் கேட்டிருந்தது. தகுதி, அனுபவம், பணியின் தன்மை ஆகியவற்றைச் சொல்லி முடித்த பின், தற்போதைய சிடிசி, எதிர்பார்க்கும் சிடிசி, நோட்டீஸ் காலம் ஆகிய மூன்றையும் விண்ணப்பக் கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும் என்று ஒரு வரி.

2023 நவம்பரில் அதைப் படித்தவர், ஹைதராபாத்தில் ஓர் ஆய்வகத்தில் ரிசர்ச் அசோசியேட்டாக இருந்த தமிழ்ப்பெண். திட்டத்தின் காலம் அடுத்த மார்ச் 31 அன்று முடிகிறது. நீட்டிப்பு வருமா என்பது தெரியாது. வராவிட்டால் ஏப்ரல் மாதச் சம்பளம் இல்லை. தஞ்சாவூரில் இருக்கும் பெற்றோருக்கு மாதந்தோறும் அனுப்பும் இருபதாயிரமும் இல்லை.

அதே ஆண்டு ஜூலையில் இதே போன்ற ஒரு விளம்பரத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில், ஊதியத்தை நேரில் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு வாக்கியம் மட்டுமே இருந்தது. கேட்ட எண்ணை முதலில் சொல்பவர் தோற்பார் என்று யாரோ சொல்லியிருந்ததை நம்பினார். பதிலே வரவில்லை. காரணத்தைப் பிற்பாடு விளக்கியவர், ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை செய்யும் கல்லூரித் தோழி. முதல் சல்லடை போடுபவர் விஞ்ஞானி அல்ல. அவர் முன்னால் ஓர் எக்செல் தாள், அதில் இந்த மூன்றுக்கும் மூன்று நிரல்கள். நிரல் காலியாக இருந்தால் அந்தப் பெயர் கீழே போகும், அவ்வளவுதான். நேர்காணலில் நழுவலாம், விளம்பரமே கடிதத்தில் கேட்டால் நழுவ இடமில்லை.

முதல் எண்ணிலேயே ஆய்வாளர்கள் இடறுகிறார்கள். சிடிசி என்பது ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஓராண்டில் செலவிடும் மொத்தத் தொகை. வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கும் பணிக்கொடைக்கென ஒதுக்கும் தொகையும் அதில் அடக்கம். ஆய்வு உதவித்தொகையில் இவை எதுவும் கிடையாது. 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, முதல் நிலை ரிசர்ச் அசோசியேட்டுக்கு மாதம் 58,000 ரூபாய். ஹைதராபாத்தில் அப்போதைய வீட்டு வாடகைப்படி 27 சதவீதம், அதாவது 15,660. கூட்டினால் 73,660; ஆண்டுக்கு ஏறத்தாழ 8.84 லட்சம்.

இந்தத் தொகையை "தற்போதைய சிடிசி 8.84 லட்சம்" என்று எழுதிவிட்டால் இரண்டு கேடுகள். ஒன்று, அது சரியான விவரம் அல்ல. மற்றொன்று, தனியார் துறையில் எதிர்பார்ப்பை அளக்கும் கோல் சதவீதம்தான். பழைய எண்ணின் மேல் முப்பது, மிஞ்சினால் நாற்பது சதவீதம் என்பது பலர் மனத்தில் ஊறிய கணக்கு. நாற்பது சதவீதம் கூட்டினாலும் 12.4 லட்சம்தான் வருகிறது. உதவித்தொகை ஒருவரின் சந்தை மதிப்பைக் காட்டுவதன்று, அரசாணை நிர்ணயித்தது. அதே நிலையில் ஆராய்ச்சி செய்யும் அத்தனை பேருக்கும், திறமை எப்படி இருந்தாலும், அதே தொகை. ஆகவே அவர் தொகையை மறைக்கவில்லை, பெயரைத்தான் மாற்றினார்: "அரசு விகிதப்படி ஆய்வு உதவித்தொகை, வாடகைப்படி உட்பட மாதம் ரூ.73,660, வைப்பு நிதி முதலியவை இல்லை." தொகையைக் கூட்டிச் சொல்வது மட்டும் கூடவே கூடாது. சேரும்போது வங்கிக் கணக்கு விவரமும் நியமன ஆணையும் கேட்பார்கள். பொய் அங்கே தெரிந்துவிடும்.

எதிர்பார்ப்பைச் சதவீதத்திலிருந்து தொடங்காமல், கையில் வரவேண்டிய தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டார். பெங்களூரில் வாடகை, பயணம், உணவு, தஞ்சாவூருக்கு அனுப்புவது, கல்விக்கடன் தவணை எல்லாம் சேர்த்து மாதம் 85,000 ரூபாய்க்குக் குறைந்தால் கட்டுப்படியாகாது. கையில் 85,000 வர, சிடிசி எவ்வளவு இருக்க வேண்டும்?

14 லட்சம் என்று வைத்துப் பார்த்தார். அதில் பத்து சதவீதம் மாறும் ஊதியம், அதாவது ஆண்டு முடிவில் நிறுவனத்தின் நிலையையும் ஊழியரின் செயல்பாட்டையும் பொறுத்து வரலாம், வராமலும் போகலாம் என்ற 1.4 லட்சம். எஞ்சும் நிலையான பகுதி 12.6 லட்சம். அடிப்படை ஊதியம் அதில் நாற்பது சதவீதம் என்று கொண்டால் 5.04 லட்சம். அதன் மேல் நிறுவனம் கட்டும் வைப்பு நிதிப் பங்கு 12 சதவீதம், பணிக்கொடை ஒதுக்கீடு 4.81 சதவீதம், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 85,000 ரூபாய் கண்ணில் படாமலே கழிகிறது. பிறகு அவருடைய பங்காக அதே 12 சதவீத வைப்பு நிதி, கர்நாடகத் தொழில் வரி, அந்த ஆண்டின் புதிய முறைப்படி வருமான வரி. எல்லாம் போக மாதம் கையில் வருவது ஏறக்குறைய 85,900.

அதே 14 லட்சம் முழுவதும் நிலையான பகுதியாக இருந்தால் கையில் வருவது 94,000க்குச் சற்று மேல். சிடிசி மாறவில்லை, மாதக் கையிருப்பில் எட்டாயிரத்துக்கு மேல் வேறுபாடு. மொத்த எண்ணை மட்டும் எழுதும் கடிதம் இந்த வேறுபாட்டை நிறுவனத்தின் கையில் விட்டுவிடுகிறது.

எனவே அவர் எழுதியது: "எதிர்பார்ப்பு ஆண்டுக்கு 14 முதல் 16 லட்சம், இதில் நிலையான பகுதி 12.6 லட்சத்துக்குக் குறையாமல்." தனி எண்ணை விட இடைவெளி நல்லது, ஆனால் படிப்பவர் கீழெல்லையைத்தான் எக்செல் தாளில் பதிவார் என்பது தோழியின் எச்சரிக்கை. ஏற்க மனமில்லாத எண்ணைப் பணிவுக்காகக் கீழெல்லையில் போடக் கூடாது.

பல்கலைக்கழக விண்ணப்பப் படிவங்களில் இதே கேள்வி வேறு உடையில் வரும்: ஏற்கத்தக்க குறைந்தபட்ச ஊதியம் என்றொரு கட்டம். அதைக் கண்டு மூளையைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. உதவிப் பேராசிரியர் பணிக்கு ஊதிய நிலை பத்து, தொடக்கம் 57,700 என்று விதி இருக்கிறது. "விதிகளின்படி" என்று எழுதினால் போதும். முந்தைய பணிக்காலத்துக்கு ஊதிய உயர்வுகள் வேண்டுமென்றால் மட்டும் அதைத் தனியே, சான்றுகளோடு கேட்க வேண்டும். தனியார் நிறுவனத்துக்கு "விதிகளின்படி" என்று எழுதுவதும், பல்கலைக்கழகத்துக்குச் சந்தை விலை எழுதுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

மூன்றாவது எண் எளிது என்று நினைத்திருந்தார். நியமன ஆணையில் தெளிவாக இருந்தது: இரு தரப்பிலும் ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்கு ஈடான தொகை. தோழியோ, "பதினஞ்சு நாள்னு போடுடி, சீக்கிரம் சேர்றவங்களைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஆய்வகத்தை விட்டு வெளியேறுவது ஆணையில் உள்ள நாட்களோடு முடிவதில்லை. நூலகம், பண்டகசாலை, விடுதி என ஒவ்வொரு இடத்திலும் நிலுவையின்மைக் கையெழுத்து. ஆய்வுக் குறிப்பேடுகளை ஒப்படைத்தல். மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் நான்காண்டு மாதிரிகள், அவற்றின் பட்டியல் பாதி அவருடைய தலைக்குள். இவை முடியாமல் பணிவிடுப்புச் சான்று கிடைக்காது. அது இல்லாமல் புதிய இடத்தில் சேரும் நாளன்றே தலைகுனிவு.

பேராசிரியரிடம் சொல்லாமல் விண்ணப்பிக்க முடியும். ஆனால் எத்தனை நாள் என்ற கேள்விக்கு அவரிடம் சொல்லாமல் நேர்மையாகப் பதில் எழுத முடியாது. இரண்டு நாள் தயங்கி, மூன்றாம் நாள் மாலை அவர் அறைக்குப் போனார். பேராசிரியர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, நீட்டிப்புக்குத் தாம் கொடுத்த விண்ணப்பத்தின் மேல் தமக்கே நம்பிக்கை இல்லை என்றார். உறைபெட்டிப் பட்டியலையும் புதிய மாணவருக்கு நிறமாலைமானிப் பயிற்சியையும் முடித்துக் கொடுக்க நாற்பத்தைந்து நாள் வேண்டும் என்று மட்டும் கேட்டார். எல்லா வழிகாட்டிகளும் இப்படி இருப்பதில்லை. வேறு ஆய்வகங்களில் இந்தச் செய்தி தெரிந்த மறுநாளே கட்டுரையிலிருந்து பெயர் நகர்ந்த கதைகளும் உண்டு. அங்கிருப்பவர்கள் ஆணையில் உள்ள நாட்களை மட்டும் எழுதி, வேலை உறுதியான பின் வாய் திறப்பதே அறிவு.

கடிதத்தில் இப்படி எழுதினார்: "நியமன ஆணைப்படி நோட்டீஸ் காலம் 30 நாட்கள். பொறுப்புகளை ஒப்படைக்க, எழுத்துப்பூர்வமான பணி ஆணை கிடைத்த நாளிலிருந்து 45 நாட்களில் சேர இயலும்." நாட்கள் எந்த நாளிலிருந்து தொடங்குகின்றன என்ற குறிப்பு முக்கியம். நேர்காணல் நன்றாக முடிந்தது என்ற தொலைபேசிச் சொல்லை நம்பி ராஜினாமா கொடுத்துவிட்டு, இரு இடமும் இல்லாமல் நின்றவர்கள் உண்டு. ஈட்டுத் தொகை கட்டி முன்னதாகச் சேரும் வழியை அவர் கடிதத்தில் எழுதவில்லை. நிறுவனம் அவசரப்பட்டால், அந்தத் தொகையை யார் ஏற்பது என்று அப்போது கேட்டுக்கொள்ளலாம்.

மூன்று எண்களும் கடிதத்தின் இறுதிக்கு முந்தைய பத்தியில், நான்கு வாக்கியங்களில் அடங்கின. அதற்கு மேலே முழுப் பக்கமும் புரதங்கள்தான்.

டிசம்பரில் அழைப்பு வந்தது. மனிதவள அலுவலரின் முதல் கேள்வியே, மாதம் 73,660 வாங்குபவர் எதற்காகப் பதினான்கு கேட்கிறார் என்பதுதான். அது ஊதியம் அன்று, முதல் நிலை ரிசர்ச் அசோசியேட்டுகள் எல்லோருக்கும் அரசு நிர்ணயித்த ஒரே தொகை. தாம் கேட்பது இந்தப் பணிக்கும் இந்த ஊருக்கும் உரியது என்றார். மறுமுனையில் விசைப்பலகையின் ஒலி. அடுத்த கேள்வி நாற்பத்தைந்து நாட்களைக் குறைக்க முடியுமா என்பது. முடியாது, ஏனென்றால் ஒப்படைக்க வேண்டியவை இவை இவை என்று சொன்னார். அதற்கு மேல் கேட்கவில்லை.

இரண்டு நேர்காணல்களுக்குப் பின் ஜனவரியில் வந்த ஆணையில் 13.8 லட்சம் என்று இருந்தது. அறைத்தோழி பார்த்ததும், கேட்டதை விடக் குறைத்துவிட்டார்களே என்று கோபப்பட்டாள். அவர் இணைப்பில் இருந்த பிரிப்பைத் திறந்தார். மாறும் ஊதியம் ஐந்தே சதவீதம். நிலையான பகுதி 13.11 லட்சம். அதே கணக்கை மறுபடி போட்டதில் கையில் வருவது மாதம் 89,000. சேரும் நாள் அன்றிலிருந்து நாற்பத்தைந்தாவது நாளாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஒப்புதலை அனுப்பிவிட்டு, உறைபெட்டியின் முதல் தட்டை எண்ணத் தொடங்கினார்.